பத்திரத்தை நான்காகப் பிரியுங்கள், பிறகு பில்லைத் திறவுங்கள்

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய பள்ளத்தூர் வீட்டின் முதல் வளவைப் பழுது பார்க்க ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை கொடுத்தோம். பன்னிரண்டு பக்கமுள்ள பணி விவரப் பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறோம். இப்போது இறுதிப் பில் வந்திருக்கிறது. வரியோடு 7,70,422 ரூபாய். பங்காளிகள் ஐந்து பேரும் என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள். பத்திரத்தைப் படித்தால் எல்லாம் சேர்ந்திருப்பது போலவும் தோன்றுகிறது, எதுவுமே சேராதது போலவும் தோன்றுகிறது. எதை வைத்து எதைச் சரிபார்ப்பது? இரண்டின் நகலையும் வாட்ஸ்அப் செய்திகளின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பியவற்றில் பத்திரத்தை மட்டும் முதலில் படித்தேன். பில்லை மறுநாள்தான் பிரித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பில்லை முதலில் படித்துவிட்டால் அதிலுள்ள சொற்கள் மனத்தில் தங்கிவிடும், பிறகு பத்திரத்தில் அந்தச் சொற்களுக்குச் சாதகமான வரிகளே கண்ணில் படும். பல ஆண்டுகளுக்கு முன் காரைக்குடியில் எங்கள் சொந்த வீட்டு வேலைக்கே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பில்லில் ‘சாரம் கட்டிய கூலி’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. சாரம் கட்டியதைக் கண்ணால் பார்த்திருந்ததால் மறுபேச்சின்றிக் கொடுத்தேன். வீதப் பட்டியலின் தலைப்பிலேயே ‘சாரம் உட்பட’ என்று இருந்ததைப் பணம் கைமாறிய பிறகுதான் பார்த்தேன்.

உங்கள் பத்திரம் குழப்புவதற்குக் காரணம், அதில் நான்கு வகைச் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே. என்ன வேலை, எந்த இடத்தில், எதுவரை என்பது வேலை எல்லை. அந்த வேலையின் முடிவில் உங்கள் கைக்கு வரவேண்டிய பொருள் அல்லது நிலை ஒப்படைப்பு. செய்வதில்லை என்று வெளிப்படையாக ஒதுக்கியவை விலக்குகள். விலை சொல்லும்போது உண்மையென்று எடுத்துக்கொண்டவை அனுமானங்கள். இந்த நான்கும் நான்கு தலைப்பில் அழகாகப் பிரிந்து கிடக்கும் பத்திரத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உங்களுடையதின் 3.2 ஆம் பத்தியைப் பாருங்கள்: ‘முதல் வளவின் நாட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்து, பழுதான கைமரங்களை, அவை மொத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருக்கும் எனக் கொண்டு, மாற்றி, நல்ல ஓடுகளைத் திரும்ப வேய்ந்து, மழைநீர் கசியாத நிலையில் ஒப்படைத்தல், தகரப் பீலி நீங்கலாக.’ ஒரே வாக்கியத்தில் நான்கும் இருக்கின்றன. கூரையைப் பிரித்து வேய்தல் வேலை எல்லை, கசியாத கூரை ஒப்படைப்பு, பத்தில் ஒரு பங்கு என்பது அனுமானம், பீலி விலக்கு.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கங்களை ஒதுக்கிக்கொண்டு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். பத்திரத்தில் உள்ள சொற்களை அப்படியே எழுதுங்கள், பத்தி எண்ணோடு எழுதுங்கள். ‘கூரை வேலை முழுவதும்’ என்று உங்கள் சொல்லில் சுருக்கினால், வழக்காடும் இடம் அந்தச் சுருக்கத்தில்தான் மறைந்துபோகும். வினைச்சொற்களைக் கவனித்தால் வேலை எல்லை கிடைக்கும்: பிரித்தல், பூசுதல், பதித்தல். ‘ஒப்படைத்தல்’, ‘அளித்தல்’, ‘வீட்டாருக்கே உரியது’ என்று வரும் இடங்களில் ஒப்படைப்பு இருக்கும். ‘நீங்கலாக’, ‘மட்டும்’, ‘வரை’ என்ற சொற்கள் விலக்கைக் காட்டும். இவற்றில் ‘வரை’ என்பதையே பலர் கோட்டை விடுகிறார்கள். ‘எனக் கொண்டு’, ‘தோராயமாக’, ‘வீட்டார் ஏற்பாட்டில்’ என்பன அனுமானங்களின் அடையாளம். அட்டவணையின் அடிக்குறிப்புகளையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கில் 27,200 ரூபாய் அப்படி ஓர் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

அந்த வரியிலிருந்தே பில்லைத் தொடங்குவோம். ஓட்டுக் கூரைக்கு 1,420 சதுர அடி, அடிக்கு 160 ரூபாய் வீதம் 2,27,200 ரூபாய் கேட்டிருக்கிறார். பத்திரத்தில் இருப்பது ‘தோராயமாக 1,250 சதுர அடி, அளந்தபடி பணம்’ என்பது. அளவு கூடியிருக்கலாம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இணைப்பு அட்டவணையின் அடியில் ‘கூரைப் பரப்பு யாவும் தரைப்படத்தின்படி அளவிடப்படும்’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் சாய்வின் அகலம் தரைமட்டத்தில் 11 அடி. முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை சரிவில் நாடாவைப் போட்டால் 12.5 அடி வரும். 1,250-ஐ 11-ஆல் வகுத்து 12.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,420 வந்துவிடும். அதாவது கூரை வளரவில்லை, அளக்கும் முறை மாறியிருக்கிறது. ஓட்டுக் கூரையைச் சரிவில் அளப்பது தொழிலில் உள்ள வழக்கமே; அதனால் ஒப்பந்தக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அளவெடுத்த மேஸ்திரி அடிக்குறிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். இருந்தாலும், 160 ரூபாய் என்ற வீதம் எந்த அளவு முறையை நம்பிச் சொல்லப்பட்டதோ அந்த முறையில்தான் பெருக்கவேண்டும். இந்த வரியில் தரவேண்டியது 2,00,000 ரூபாய்.

அடுத்தது, ஓடுகளைத் தாங்கும் கைமரம். இது உங்கள் பில்லின் மிகச் சிக்கலான வரி, ஆகையால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ‘கூடுதல் தேக்குக் கைமரம் 38, ஒன்று 2,900 ரூபாய், ஆக 1,10,200’ என்று எழுதியிருக்கிறார். வளவைச் சுற்றி மொத்தம் 120 கைமரங்கள் என்று வரைபடம் சொல்கிறது. பத்தில் ஒரு பங்கு 12. அந்தப் பன்னிரண்டின் விலை ஓட்டு வேலையின் வீதத்திலேயே அடங்கிவிட்டது. ஆகவே 38 மாற்றியது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் கூடுதல் என்பது 26 மட்டுமே. 12 கைமரத்துக்கான 34,800 ரூபாய் இரண்டாம் முறை கேட்கப்படுகிறது. அனுமானம் உடைந்தால் அதற்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் பணம் பேசவேண்டும், தொடக்கத்திலிருந்து அல்ல. பில்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

மிஞ்சிய 26-க்கு, அனுமானம் உடைந்தது என்பதாலேயே பணம் கடமையாகிவிடாது. உடைந்தால் என்ன செய்யவேண்டும் என்று பத்திரம் சொல்கிறதா என்று தேடவேண்டும். உங்களுடையதில் 7.4 ஆம் பத்தி சொல்கிறது: ‘மேற்படி அளவுகள் மிகும்போது, வேலையைத் தொடரும் முன் வீட்டாருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும், கைமரத்தின் வீதம் 2,900.’ நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில், ‘இன்னும் 20 மரம் கூடுதலா மாத்தணும் ஆச்சி, உளுத்துப் போயிருக்கு’ என்று அவர் படத்தோடு எழுதியிருக்கிறார். நீங்கள் ‘சரி, செய்யுங்கள்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். பத்திரம் கடிதத்தாள்தான் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே இதை எழுத்து வழி ஒப்புதலாகவே கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. 20 மரத்துக்கு 58,000 ரூபாயைத் தயங்காமல் கொடுங்கள். மீதி ஆறு மரத்துக்கு, அதாவது 17,400 ரூபாய்க்கு, ஒப்புதல் இல்லை. இதை மறுத்துவிடலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பயனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்புதல் முறையைப் பத்திரமே வகுத்திருக்கும்போது அந்தப் பிரிவு பொருந்துமா என்பது வழக்கறிஞர் சொல்லவேண்டிய செய்தி. என் அளவில், ஆறு மரமும் உண்மையில் உளுத்திருந்தனவா, மாற்றப்பட்டனவா என்று எண்ணிப் பார்த்துப் பேசவேண்டிய தொகையாக இதைத் தனியே வையுங்கள்.

எண்ணுவதற்கும் பத்திரத்திலேயே வழி இருக்கிறது. ஒப்படைப்புப் பக்கத்தில் 5.6 ஆம் பத்தியை எழுதியிருப்பீர்கள்: ‘கழித்த பழைய மரமும் ஓடும் வீட்டாருக்கே உரியவை, வளாகத்தில் அடுக்கி ஒப்படைக்கப்படும்.’ கூரை, பூச்சு, தளம் என்று கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டுமே ஒப்படைப்பாக நினைத்து இப்படிப்பட்ட வரிகளைத் தாண்டிப்போவது வழக்கம். 38 புதிய கைமரம் ஏறியது உண்மையானால், 38 பழைய கைமரம் பின்கட்டில் கிடக்கவேண்டும். அவற்றை எண்ணுங்கள், உளுத்தவை எத்தனை, தச்சர் வசதிக்காகக் கழற்றிய நல்ல மரம் எத்தனை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த 900 சதுர அடிக்கு 54,000 ரூபாய் கூலி சரியாக இருக்கிறது. அதன் கீழே ‘கூடுதல் கல் 90, ஒன்று 50 ரூபாய், ஆக 4,500’ என்ற சிறு வரியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தொகை சிறியது, ஆனால் அனுமானம் ஒப்பந்தக்காரரையும் கட்டும் என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. பத்திரப்படி கல் வாங்கித் தருவது வீட்டார் பொறுப்பு, ஆகவே கல்லின் விலை அவருடைய வேலைக்கு விலக்கு. அந்த விலக்கைக் காட்டித்தான் அவர் வாங்கிய 90 கல்லுக்கு விலை கேட்கிறார். ஆனால் அதே பத்தியின் தொடர்ச்சி, ‘உடைவும் வெட்டும் நூற்றுக்கு ஐந்துக்கு மிகாது எனக் கொண்டு’ என்கிறது. பத்து அங்குலக் கல்லில் 900 சதுர அடிக்கு 1,296 கல் வேண்டும். நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,361. நீங்கள் இறக்கிக் கொடுத்தது 1,365. அதற்கு மேலும் 90 தேவைப்பட்டிருந்தால் வீணானது 159 கல், நூற்றுக்குப் பன்னிரண்டு. கண்ணாடிப் பலகையில் கையால் வார்க்கும் கல் என்பதால் முனை உடைவது இயல்புதான். தூண் அடிகளைச் சுற்றி வெட்டும்போதும் கழிவு கூடும். ஆனால் தூண்கள் எத்தனை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நூற்றுக்கு ஐந்து என்று எழுதினார். கல் வண்டியிலிருந்து இறங்கும்போதே உடைந்திருந்தது என்பதற்குச் செய்தியோ படமோ அவரிடம் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இந்த 4,500 அவருடைய பொறுப்பு.

‘சாரம், இடிபாடு அகற்றல், மொத்தம் 48,000’ என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருக்கிறார். ஒரே தொகையில் இரண்டு பொருள் இருந்தால் பிரித்துக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்கு, எட்டு டிராக்டர் நடைக்கு 1,500 வீதம் 12,000, மீதி 36,000 சாரம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சாரம் என்ற சொல் உங்கள் பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் இல்லை. விலக்கவில்லை என்பதாலேயே சேர்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது; பத்திரம் வாய் திறக்காத இடத்தில், அந்த வேலை இல்லாமல் ஒப்படைப்பு நடக்குமா என்று கேட்கவேண்டும். கூரைக்கும் உயரச் சுவருக்கும் சாரம் இல்லாமல் எட்டமுடியாது. போதாக்குறைக்கு வீதப் பட்டியலின் தலைப்பு ‘துணை வேலைகள் அனைத்தும் உட்பட’ என்கிறது. 36,000 தரவேண்டியதில்லை. இடிபாட்டின் கதை வேறு. வேலை எல்லையில் ‘இடிபாட்டை வளாகத்துக்குள் ஓரிடத்தில் சேர்த்தல் வரை’ என்றிருக்கிறது. அந்த ‘வரை’ தான் விலக்கு. வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை அன்று. நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான் செய்தார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12,000 கொடுப்பதே முறை.

கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு. 1,100 சதுர அடி, அடிக்கு 190, ஆக 2,09,000. அளவும் வீதமும் பத்திரத்தோடு ஒத்திருப்பதால் இதைச் சரியென்று குறித்துவிடத் தோன்றும். ஆனால் இங்கே வேலை எல்லைக்கும் ஒப்படைப்புக்கும் உள்ள வேறுபாடு பணமாகிறது. அடிப்பூச்சு முடிந்ததும் நூற்றுக்கு அறுபது, மெருகுப் பூச்சு முடிந்து ‘ஒப்பிய மாதிரிப் பலகத்தோடு ஒத்து, வெடிப்பின்றி’ இருக்கையில் மீதி நாற்பது என்பது 6.1 ஆம் பத்தி. மேற்குப் பக்கச் சுவரில் சுமார் 300 சதுர அடிக்கு மெருகு இன்னும் ஏறவில்லை என்று உங்கள் படங்கள் காட்டுகின்றன. அந்தப் பகுதியின் நாற்பது விழுக்காடு, 22,800 ரூபாய், இன்று தரவேண்டியதில்லை. இதை மறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது இன்னும் முதிராத தொகை. மெருகு முடிந்து, மூன்றடிக்கு மூன்றடியாக அவர் முதலில் பூசிக் காட்டிய பலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த நாளில் கொடுக்கவேண்டியது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஈரச் சுவரில் மெருகு நிற்காது என்பதால், அதை எப்போது முடிப்பார் என்று இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். வரிக்கு முந்தைய பில் 6,52,900 ரூபாய். அதில் உடனே தரவேண்டியது 5,10,200. பத்திரப்படி சேராதது 1,02,500. மெருகு முடிந்ததும் தரவேண்டியது 22,800. பேசி முடிக்கவேண்டியது ஆறு கைமரத்தின் 17,400. வரியையும் இந்தப் பிரிவின்படியே பார்க்கவேண்டும்: 5,10,200-க்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 91,836, ஆக இன்று தரவேண்டியது 6,02,036 ரூபாய். பில்லில் அவருடைய பதிவு எண் இருக்கிறது, அதை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டு, அவர் இணக்க வரித் திட்டத்தில் இல்லாதவர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர் பில்லில் தனியாக வரி வசூலிக்க இயலாது. வரிப் பில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால், வெறுமனே குறைத்துப் பணம் அனுப்பினால் அவர் கணக்கில் முழுத் தொகைக்கும் வரி நிற்கும். பில் தொகை இவ்வளவு குறைந்தது என்று காட்டும் கிரெடிட் நோட் ஒன்றை, குறைத்த தொகைக்கு, அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் நான் காகிதத்திலிருந்து சொல்ல இயலாது. பத்திரத்துக்கு முன்பு அவர் கொடுத்த விலைப் புள்ளியில் ‘சாரம் தனி’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டும் முரண்படும்போது எது மேலானது என்று பத்திரத்தின் 1.3 ஆம் பத்தி சொல்கிறது: பின்னர் கையெழுத்தான பத்திரமே. அவர் விலைப் புள்ளியைக் காட்டினால் நீங்கள் அந்தப் பத்தியைக் காட்டுங்கள். ஆனால் வேலை நடக்கும்போது சாரத்துக்குத் தனிப்பணம் தருவதாகப் பங்காளிகளில் யாராவது எழுத்திலோ செய்தியிலோ ஒப்புக்கொண்டிருந்தால் என் விடை மாறிவிடும். ஐவரிடமும் அவரவர் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதன்பின் ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு பில் வரிக்கும் எதிரே பத்திரத்தின் பத்தி எண்ணையும் அதிலுள்ள சொற்களையும் எழுதி, ஒப்புக்கொண்ட தொகையைக் கடிதத்தோடே அனுப்பிவிடுங்கள்; பேச்சு முடியட்டும் என்று முழுப் பணத்தையும் நிறுத்திவைத்தால் மெருகுக்கு ஆள் வரமாட்டார். அவர், மேஸ்திரி, உங்கள் தரப்பில் ஒருவர் என மூவரும் சேர்ந்து அளக்க ஒரு நாள் குறியுங்கள். அந்த நாள், வளவுச் சாய்வின் அடியில் மச்சுப் பலகை அடிப்பதற்கு முன்னதாக இருக்கட்டும். பலகை ஏறிவிட்டால் எந்தக் கைமரம் புதியது என்று கீழிருந்து தெரியாது. பின்கட்டில் கிடக்கும் பழைய மரத்தையும் அதுவரை யாருக்கும் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.